நான்கு வருடம் டீசலோடு ஓர் அறையில்: பயன்பாட்டு அனுபவம்

(விடுதியைக் காலி செய்வதற்கு முந்தைய ராத்திரி, மொட்டை மாடியில் எங்கள் தளத்துப் பசங்க எல்லாம் ஆளுக்கொரு டம்ளர் பன்னீர் சோடாவோடு உட்கார்ந்திருந்தபோது நான் பேசியது. ரூம்மேட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம், வீட்டாரை மட்டும் இழுக்கக் கூடாது என்பது விதி. நான் ஓர் இடத்தில் மீறினேன்.)

டம்ளரை யாரும் இப்போதே குடித்து முடிக்காதீர்கள், கடைசியில் தூக்க வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கல் படிப்பவன் எந்த மெஷினையும் நாலு நாள் ஓட்டிப் பார்த்துக் கருத்து சொல்லக் கூடாது. நான் இவனை நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன், எட்டு செமஸ்டர், ஒரே அறை, இரண்டு இரும்புக் கட்டிலுக்கும் நடுவே ஒரு செருப்பு வைக்கிற இடம். அதனால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

முதலில் சத்தம். இவனுக்கு டீசல் என்று பேர் வைத்தது நான்தான், முதல் வருடம், முதல் வாரம். ஊர்ப்பக்கம் கிணற்று மேட்டில் டீசல் இன்ஜின் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது முதலில் 'புஸ்... புஸ்...' என்று இழுக்கும், ஒரு 'டொக்', அப்புறம் சீராகப் பிடித்துக்கொள்ளும். இவனும் அப்படியே. படுத்து ஐந்தாவது நிமிடம் ஹேண்டில், பத்தாவது நிமிடம் ஐந்து ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சுவான். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான், இவன் எழ மாட்டான், நான் எழுந்து மன்னிப்புக் கேட்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை. மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் பின்னால் சரிந்து மூச்சு போகிற வழியைக் குறுக்குகிறது, அந்தச் சந்தில் காற்று போகும்போது சதை படபடக்கிறது, அந்தப் படபடப்புதான் குறட்டை என்று படித்தேன். அப்படியானால் மல்லாக்க விடக் கூடாது. பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, நாம் கிரிக்கெட் ஆடுகிற டென்னிஸ் பந்தை உள்ளே போட்டு, இவனுக்கு மாட்டிவிட்டேன். மல்லாந்தால் பந்து குத்தும், தானாக ஒருக்களிப்பான். உண்மையாகவே வேலை செய்தது, நான்கு நாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் மைதானத்தில் பந்து தொலைந்துவிட்டதென்று எவனோ இவன் முதுகிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த எவனோ இங்கேதான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது. தலையணை மேல் தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், அதனால் கட்டிலையே உயர்த்த வேண்டும். பின்னால் புது பிளாக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கிருந்து இரண்டு செங்கல் கொண்டுவந்து தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தேன். சத்தம் முழுதாக நிற்கவில்லை, ஒரு படி இறங்கியது. செங்கல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

ஒரு ராத்திரி ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பட்டென்று நின்றது. தூக்கத்தில் மூச்சே நின்றுபோகிற வியாதி ஒன்று இருக்கிறது என்று அதற்கு முன்தினம்தான் படித்திருந்தேன். பதறி எழுந்து லைட்டைப் போட்டால், இவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "மச்சான், நாளைக்கு எந்த எக்ஸாம்டா?"

மூன்றாம் வருடம் ஈஎன்டி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் இவனிடம் எதுவும் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். குறட்டை விட்டவனுக்கு என்ன தெரியும், கேட்டவன்தானே சாட்சி. "நடுவுல மூச்சு 10 செகண்டுக்கு மேல நின்னு, அப்புறம் திணறி எழுந்திருக்கிறாரா? பகல்ல உட்கார்ந்த இடத்துல தூங்குறாரா?" பகலில் ஃபர்ஸ்ட் ஹவரில் தூங்குகிறான் சார், ஆனால் கிளாஸே தூங்குகிறது என்றேன். போனில் ஒரு ராத்திரி முழுக்கப் பதிவு செய்து கேட்கச் சொன்னார். இயர்போனை மாட்டி இரண்டு மணி நேரம் கேட்டேன், உலகத்தில் யாருக்கும் வரக் கூடாத நிலைமை அது. இடைவெளி எதுவும் இல்லை, இன்ஜின் தொடர்ந்து ஓடுகிறது. இடைவெளி இருந்தால்தான் தூக்கத்தைப் பரிசோதிக்க அனுப்புவாராம். மூக்குக்குள் பார்த்துவிட்டு, தூசு அலர்ஜி, உள்ளே சதை வீங்கியிருக்கிறது, மூக்கு அடைத்துக்கொண்டதால் வாயைத் திறந்து தூங்குகிறான் என்றார். ஸ்ப்ரே எழுதிக் கொடுத்துவிட்டு, "ரூம்ல தூசு அதிகமா தம்பி?" என்று கேட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு இவனுடைய அலமாரி ஞாபகம் வந்தது.

அலமாரி என்று சொல்வது மரியாதைக்காக. கதவைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. இடது முழங்காலால் கீழே அழுத்திக்கொண்டு, வலது கையால் கொக்கியை விடுவித்து, பட்டென்று நகர்ந்துவிட வேண்டும். துவைத்தது, துவைக்காதது, 'ஒரு தடவைதான் போட்டேன்' என்று மூன்று வகைத் துணியும் ஒரே குவியல், மோந்து பார்த்துத்தான் பிரிப்பான். மழைக்காலத்தில் ஈரத் துண்டை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவான், இரண்டு நாளில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கும். அதற்கு மேல் நாலு பாச்சா உருண்டை. அது பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அது ஊதுவத்தி மாதிரி. அலமாரிக்கு நேர் மேலே ஃபேன். திறக்கும்போதெல்லாம் ஃபேன் அந்தத் தூசை நேராக இவன் மூக்குக்கு அனுப்பிவைக்கும், ராத்திரி அது எனக்குச் சத்தமாகத் திரும்பி வரும்.

(இங்கேதான் விதி மீறல்.) தேனியிலிருந்து அம்மா மாதாமாதம் எவர்சில்வர் டப்பாவில் எள்ளுருண்டை கொடுத்துவிடுவார்கள். அதுவும் அந்தக் குவியலுக்குள் போகும், எறும்பு வரிசை எந்தப் பக்கம் போகிறதோ அங்கே கையை விட்டால் டப்பா கிடைக்கும். அம்மா போனில், "தம்பி, அவன் நல்லாத் தூங்குறானாப்பா?" என்று கேட்பார்கள். "அவன் நல்லாத் தூங்குறாம்மா" என்பேன். 'அவன்' என்பதில் இருந்த அழுத்தம் அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

இனி அந்த ராத்திரி. ஐந்தாவது செமஸ்டர், மறுநாள் மெஷின் எலிமென்ட்ஸ் டிசைன். வினாத்தாள் கணக்கு உங்களுக்கே தெரியும், யூனிட்டுக்கு இரண்டு இரண்டு-மார்க், ஒரு பதிமூன்று, ஆக யூனிட்டுக்கு 17, ஐந்து யூனிட்டுக்கு 85, பார்ட் சி 15. சாயங்காலம் இவன் ஐந்தும் படிப்பதாகத்தான் இருந்தான். பதினொரு மணிக்கு, "மச்சான், பேரிங் வேண்டாம்டா, விட்டுறலாம்." 83. பன்னிரண்டரைக்கு ஸ்பிரிங்கும் ஃப்ளைவீலும் போயிற்று, 66. இரண்டு மணிக்கு வெல்டிங் ஜாயின்டையும் கைவிட்டு 49-க்கு வந்து நின்றான், அதுவும் எழுதியதற்கெல்லாம் முழு மார்க் விழுந்தால். நகம் கடித்து முடித்துவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். "மச்சான், சோடர்பர்க் யாரு, குட்மேன் யாரு?" ஒருத்தர் இரும்பு வளைந்து திரும்பாமல் போகிற ஈல்டு வரைக்கும் கோடு போட்டார், இன்னொருத்தர் அது தாங்குகிற உச்சமான அல்டிமேட் வரைக்கும் போட்டார், நீ சோடர்பர்க்கைப் பிடித்துக்கொள், அவர்தான் பயந்த சுபாவம் என்றேன்.

அப்போதுதான் இவனுக்கு உறைத்தது, டேட்டா புக்கைக் காணோம். வேறு எந்தப் புத்தகமும் காணாமல் போகலாம், ஆனால் டிசைன் பரீட்சைக்கு டேட்டா புக் இல்லாமல் போவது கரண்டி இல்லாமல் சமைக்கப் போவது மாதிரி, சூத்திரம், டேபிள் எல்லாம் அதில்தான். இரண்டேகால் மணிக்கு அலமாரியைத் தரையில் கொட்டினோம். ஏழு ஒற்றைச் சாக்ஸ், எந்த இரண்டும் ஜோடி இல்லை. முதல் வருட டிராயிங் ஷீட்டுகள். மெஸ் தட்டு இரண்டு. நான் ஒரு வருடமாகத் தேடிய என் பெல்ட். டேட்டா புக் மட்டும் இல்லை. மூன்றரைக்கு இவன் துணிக் குவியல் மேலேயே அழுகிற நிலைமையில் உட்கார்ந்தான், அரை மணியில் கட்டிலில் ஏறிச் சரிந்துவிட்டான். தூக்கம் கெட்டவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும்போது தொண்டைச் சதை இன்னும் தளர்ந்துவிடும், குறட்டை இரட்டிப்பாகும், அதனால்தான் பரீட்சைக் காலத்தில் சுவர் அதிரும். அன்றைக்குக் கட்டிலே அதிர்ந்தது. அதிர்கிற கட்டிலை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அதன் காலைப் பார்த்தேன்.

இதை இவனிடம் இன்று வரை சொன்னதில்லை.

ஒரு மாதம் முன்னால் வலது பக்கச் செங்கல் பாதியாக உடைந்துவிட்டது. கட்டில் ஆடியது. உயரத்தைச் சரிக்கட்ட மேஜையில் கைக்கு அகப்பட்ட தடிப் புத்தகத்தை, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் சொருகினேன்.

நாலரை மணிக்கு இவனைச் சுமந்த கட்டிலை ஒற்றைத் தோளால் தூக்கிப் பிடித்து, புத்தகத்தை உருவி, இவன் மேஜையில் வைத்தேன். காலையில், "உன் துணிக்கு அடியிலதான்டா இருந்துச்சு" என்றேன். ஒரு கேள்வி கேட்காமல் நம்பினான். அந்த அலமாரியை வைத்துக்கொண்டு எப்படிச் சந்தேகப்பட முடியும்? அட்டையில் வட்டமாக ஓர் அச்சு பதிந்திருந்தது. "இது என்னடா மச்சான்?" டீ டம்ளர் வைத்திருப்பாய் என்றேன். குற்ற உணர்ச்சியில் அந்த வாரமே அலமாரியைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்தான். இரண்டு வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பரீட்சையிலும் பாஸ், கைவிட்ட வெல்டிங் ஜாயின்டை அந்தப் புக்கைப் பார்த்தே எழுதிவிட்டான்.

இவன் ஓசூரில் வேலைக்குச் சேர்கிறான், மூன்று பேர் தங்குகிற ரூம். அடுத்துப் பயன்படுத்தப்போகும் அந்த இருவருக்கும் சொல்கிறேன்: பனியன், பந்து இரண்டும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அலமாரியை மாதம் ஒரு தடவை வெயில் காட்டவும். பரீட்சை இனி இல்லை, ஆனால் அப்ரைசல் என்று ஒன்று வரும், அதற்கு முந்தைய ராத்திரி வேறு எங்கேயாவது படுத்துக்கொள்ளவும்.

இப்போது டம்ளரைத் தூக்குங்கள். டீசல், முறைக்காதே, அது டீ டம்ளர் இல்லைடா, உன் கட்டில் கால்தான்.