டேர்ம் பாலிசி: இப்போதே எடுப்பதா, பொறுப்பு வரும்வரை பொறுப்பதா?

டேர்ம் பாலிசி என்பது, குறிப்பிட்ட காலத்துக்குள் நாம் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. 25 வயதில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. தனி ஆள், கடன் கிடையாது, என் சம்பளத்தை நம்பி வீட்டில் யாரும் இல்லை. நான் பொறுத்திருந்து, கல்யாணம் நிச்சயமான பிறகு 32-இல்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் பொறுத்திருப்பதன் பக்கமே சாயும்.

உடனே எடுக்கச் சொல்பவர்களின் முதல் காரணம், சின்ன வயதில் பிரீமியம் குறைவு, அதே தொகை கடைசிவரை மாறாது என்பது. உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 வயது வரை காப்பு வேண்டும், 25-இல் எடுத்தால் ஆண்டுக்கு 100, 32-இல் எடுத்தால் 135 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் மொத்தம் 3,500 கட்டுகிறார், அடுத்தவர் 3,780. மேலோட்டமாகப் பார்த்தால் முந்தியவருக்கே லாபம்.

ஆனால் முதல் 7 ஆண்டுகளில் அவர் கட்டிய 700, அவர் இறந்தாலும் வருமான இழப்பு யாருக்கும் இல்லாத காலத்துக்குப் போன பணம். அதையே ஆண்டுக்கு 4 சதவீதம் தரும் சேமிப்பில் போட்டு வந்தால் 32 வயதில் ஏறக்குறைய 820 இருக்கும். அதிலிருந்தே கூடுதல் 35-ஐ 28 ஆண்டுகளும் கட்டினாலும் மீதி நிற்கும். 32 வயதுக்கான பிரீமியம் 150-ஐ நெருங்கினால் மட்டும் முடிவு மாறிவிடும். ஆகவே இரண்டு வயதுக்கும் விலை கேட்டுவிட்டு இதே கணக்கைப் போடுங்கள். சேமிக்காமல் செலவழித்துவிட்டால் இந்த வாதம் நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் நான் மருத்துவக் காப்பீடும், வேலை செய்ய முடியாமல் போனால் வருமானம் தரும் காப்பீடும் எடுத்தேன். தனி ஆளுக்குப் பெரிய ஆபத்து, உயிரோடு இருந்தும் சம்பாதிக்க முடியாமல் போவதுதான்.

பெற்றோர் உங்கள் கல்விக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் கதையே வேறு. நீங்கள் இல்லாமல் போனால் அந்தக் கடன் அவர்கள் தலையில் விழலாம். கடன் தொகைக்கு, கடன் முடியும் காலம்வரைக்கும் ஒரு பாலிசி இப்போதே எடுங்கள். அலுவலகம் தரும் குழுக் காப்பீட்டை நம்ப வேண்டாம், பெரும்பாலும் வேலையை விட்டதும் அது போய்விடும்.

சீக்கிரம் எடுப்பதற்கு நான் மதிக்கும் காரணம் ஒன்றுதான்: உடல்நிலை. இடையில் சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ தெரியவந்தால் பிரீமியம் ஏறும், சில நேரம் விண்ணப்பத்தையே மறுப்பார்கள். மேலே போட்ட கணக்கில் இது சேரவில்லை. 32-இல் என் பரிசோதனை முடிவுகள் சுத்தமாக வந்தன, அதனால் அந்த இடியை நான் அனுபவித்ததில்லை. குடும்பத்தில் 40 வயதுக்குள் இப்படி நோய் வந்தவர்கள் இருந்தால், நான் செய்ததைச் செய்யாமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.