கிச்சன் ஸ்கிரீன் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேளச்சேரியில் 14 டேபிள் போட்ட டிபன் கடை நடத்துகிறேன். சமையலறைக்கு ஆர்டர் காட்டும் ஸ்கிரீன் ஒன்றை ஒரு நிறுவனத்திடம் வாங்கி, ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஏமாந்திருக்கிறேன். "எந்த ஐட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், எந்த டேபிள் என்று பார்த்து அதுவே வரிசைப்படுத்தும் சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்தது அது இல்லை.

டெமோவில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மதியம் மூன்றரை மணி, மூன்றே டேபிள். கல் காலியாக இருக்கும்போது எந்த வரிசையில் போட்டாலும் சரியாகத்தான் வரும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்ததைச் சொல்கிறேன். 8:10க்கு ஏழாம் டேபிளில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மூன்று ஐட்டம் சொன்னார்கள். பேரனுக்கு இட்லி, அம்மாவுக்கு நெய் ரோஸ்ட், பாட்டிக்கு வெங்காய ஊத்தப்பம். எங்கள் கடையில் இட்லி எடுத்து வைக்க ஒரு நிமிடம், ரோஸ்ட்டுக்கு நான்கு, ஊத்தப்பத்துக்கு எட்டு. அனுபவமுள்ள மாஸ்டர் சீட்டைப் பார்த்ததும் ஊத்தப்பத்தை 8:10க்கே கல்லில் ஊற்றிவிடுவார். 8:14க்கு ரோஸ்ட், 8:17க்கு இட்லி. 8:18க்கு மூன்று தட்டும் ஒன்றாகக் கிளம்பும்.

ஸ்கிரீன் செய்தது நேர் எதிர். சீக்கிரம் முடிவதை மேலே ஏற்றியது, அவ்வளவுதான். இட்லி 8:11க்குப் போய்விட்டது, ரோஸ்ட் 8:15க்கு. எட்டு நிமிட ஊத்தப்பம் அடியில் நின்றது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சாதா தோசையும், ஒவ்வொரு ரோஸ்ட்டும் அதைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. கடை நிரம்பியிருந்தால் புது தோசை வருவது நிற்கவே நிற்காது. புது மாஸ்டர் ஸ்கிரீனை நம்பி அதன்படியே போட்டார். ஊத்தப்பம் கல்லுக்குப் போனது 8:39க்கு, டேபிளுக்கு வந்தது 8:47க்கு.

அந்தப் பாட்டி 37 நிமிடம் வெறும் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் தன் ரோஸ்ட்டில் பாதியைப் பிய்த்து பாட்டி இலையில் வைத்தார், அது ஏற்கனவே நமத்துப்போயிருந்தது. கிண்ணத்தில் சாம்பார் ஆறி ஏடு கட்டியிருந்தது. நான் பில் வாங்கவில்லை. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தால், "நீங்கள் போட்ட நேரப்படிதான் சார் வருது" என்றார்கள். உண்மையில் வரிசை பார்க்க வேண்டியது 'எவ்வளவு நேரம் ஆகும்' என்பதை மட்டும் அல்ல, 'எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்' என்பதை. ஏழாம் டேபிள் 8:18 என்றால், அதில் எட்டைக் கழித்து ஊத்தப்பத்தின் தொடக்கம் 8:10. 8:12க்கு வேறு டேபிளில் தனி ரோஸ்ட் வந்தால் அதன் தொடக்கம் 8:12. பின்னால் வந்தது முன்னால் நிற்கும் ஊத்தப்பத்தைத் தாண்டவே முடியாது. இதைக் கேட்டதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஒப்பந்தத்தில் 'ஆர்டர் டிஸ்ப்ளே' என்றுதான் இருக்கிறது, வரிசை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று காட்டினார்கள். வாயால் சொன்னதை எழுதி வாங்காதது என் தவறு.

இன்னொரு விஷயம், இதை யாரும் கவனிப்பதில்லை. அந்த ஸ்கிரீனில் 'முடிந்தது' என்று ஒரே ஒரு பட்டன்தான் இருந்தது. கல்லில் ஊற்றியதும் அழுத்த 'தொடங்கியாச்சு' என்று ஒன்று இல்லை. கல் நிறைந்திருந்து ஊத்தப்பம் 8:16க்குத்தான் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ரோஸ்ட் 8:20க்கும் இட்லி 8:23க்கும் தள்ளிப்போக வேண்டும். எப்போது ஊற்றினோம் என்றே தெரியாத ஸ்கிரீன் எதைத் தள்ளும்?

அதனால் டெமோவுக்கு வந்தால் நீங்களே ஆர்டர் போடுங்கள். ஒரு டேபிளுக்கு ஊத்தப்பமும் இட்லியும் போட்டுவிட்டு, வேறு டேபிள்களுக்கு வரிசையாகப் பத்து சாதா தோசை போடுங்கள். ஊத்தப்பம் கீழே இறங்கிக்கொண்டே போனால் வாங்காதீர்கள். இட்லி உடனே மேலே வந்தாலும் வாங்காதீர்கள், அது டேபிளைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்புறம், ஊத்தப்பத்தைத் தாமதமாகத் தொடங்கினால் இட்லி தானாகத் தள்ளிப்போகிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் சமையலறையில் இப்போது மறுபடியும் காகிதச் சீட்டுதான். சப்ளையர் ஒவ்வொரு சீட்டிலும் நேரம் அதிகமாகும் ஐட்டத்துக்கு அடிக்கோடு போட்டு, ஆர்டர் வாங்கிய நேரத்தையும் எழுதி, கல்லுக்கு மேலே கம்பியில் மாட்டுகிறார். மாஸ்டர் அடிக்கோடு போட்டதை முதலில் ஊற்றுகிறார்.