கிளட்ச் இறுகினால் உடனே பிளேட்டை மாற்றாதீர்கள்: ஊட்டி, குன்னூர் பக்கம் பைக் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிளட்ச் லிவர் இறுகிப்போய், டிராஃபிக்கில் நிற்கும்போது நியூட்ரல் விழாமல், லிவரை முழுசாகப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகர்கிறதா? பட்டறைக்குப் போனதும் "பிளேட் போச்சு" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு கடையில் எனக்கு 2,900 ரூபாய் போனது. காசு போனதைவிட, அந்த வேலைக்குப் பிறகு வண்டி மலையேறவே தகுதியில்லாமல் ஆனதுதான் எனக்குக் கோபம். சீசன் நேரத்தில் இதே கதை இன்னும் எத்தனை பேருக்கு நடக்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 150 சிசி பைக். கேத்தியிலிருந்து ஊட்டிக்குத் தினமும் போய் வருவேன். மழைக்காலம் முடிந்ததிலிருந்தே லிவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்க ஆரம்பித்தது. மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சேரிங்கிராஸ் பக்கம் ஊர்ந்து போகும்போது விரல்கள் வலித்தன. நிற்கும் இடத்தில் நியூட்ரல் விழவில்லை. ஃபர்ஸ்ட் கியரில் லிவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் வண்டி முன்னால் உள்ள காரை நோக்கி இழுத்தது. பிரேக்கை அழுத்தினால் இன்ஜின் அணைந்தது.

கடைக்காரர் லிவரை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். வேறு எதையும் தொடவில்லை. "கிளட்ச் பிளேட் காலி தம்பி. இப்படியே ஓட்டினா மேட்டுல நின்னுடும். ஸ்பிரிங்கும் சேர்த்து மாத்திடலாம், நம்ம ஊருக்குக் கெட்டி ஆயில் ஊத்தினாத்தான் நிக்கும்" என்றார். பில் இப்படி வந்தது: பிளேட் செட் 1,380, ஸ்பிரிங் 240, ஆயில் 420, கேஸ்கெட் 110, கூலி 750. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடுக்க அவருக்கு மனமில்லை. "அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். எந்தக் கடையானாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்குவது என் வழக்கம், இந்த முறை அது பெரிய உதவியாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் வண்டியை எடுத்தபோது லிவர் முன்பைவிட இறுக்கம். ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் டமார் என்ற சத்தத்தோடு வண்டி துள்ளி அணைந்தது. திரும்பக் கொண்டு போனேன். "புது பிளேட்டுங்க, ஓட ஓட செட் ஆயிடும்" என்றவர், லிவர் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி, லிவரில் இருந்த பிளே, அதாவது தளர்வு, முழுவதையும் எடுத்துவிட்டார். கடை வாசலில் நியூட்ரல் சுலபமாக விழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் பர்லியாரிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை வேறு. மேல் பக்கம் பஸ், கீழ்ப் பக்கம் லாரி, நடுவில் கொண்டை ஊசி வளைவில் பிடிப்பில்லாத வண்டி. அந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

அங்கிருந்து மெதுவாக ஏறி, குன்னூரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "கேபிளைக் கழட்டிப் பார்த்தாங்களா?" என்றுதான். இல்லை என்றேன். இன்ஜின் பக்கம் கிளட்ச் ஆர்ம் இருக்கிறது அல்லவா, அதிலிருந்து கேபிளின் முனையை மட்டும் விடுவித்தார். பிறகு லிவரைப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பக்கம் எந்த எடையும் இல்லை, வெறும் கேபிள்தான். அப்போதும் லிவர் கரகரவென்று இழுத்தது. விட்டால் தானாகத் திரும்பக்கூட இல்லை. ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பிப் பிடித்தால் இன்னும் இறுக்கம், வலப்பக்கம் திருப்பினால் கொஞ்சம் லேசு. "இது கேபிள் பேசுற பேச்சு தம்பி" என்றார். இன்ஜின் பக்கத்து ஆர்மை ஸ்பேனரால் நகர்த்திக் காட்டினார். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஒரே சீராக இருந்தது, எங்கும் சிக்கவில்லை. ஐந்து நிமிட வேலைகூட இல்லை. முதல் கடையில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் கவரையே திறந்திருக்க வேண்டாம்.

கேபிள் கெட்டால் லிவர் கனப்பது புரிகிறது, கிளட்ச் ஏன் முழுசாக விடுபடாமல் இழுக்கிறது என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதைப் புரிந்துகொண்டால் யாரும் ஏமாற மாட்டீர்கள். கேபிளின் உள்ளே கம்பி, வெளியே உறை. நீலகிரியின் மூடுபனியிலும் மழையிலும் ஈரம் உள்ளே இறங்கித் துரு பிடிக்கிறது, அல்லது கம்பியின் இழை ஒன்று அறுந்து உறையின் உட்சுவரைப் பிராண்டுகிறது. அப்புறம் நாம் இழுக்கும் விசையில் பாதி உராய்விலேயே போய்விடும். வலுவாக இழுக்க இழுக்க வெளியுறை வளைவுகளில் நசுங்கிக் கொடுக்கிறது. லிவர் ஹேண்டிலைத் தொட்டுவிட்டது, ஆனால் இன்ஜின் பக்கம் ஆர்ம் முழுத் தூரம் நகரவில்லை. உள்ளே பிளேட்டுகளை விடுவிக்கும் நகர்வு மொத்தமே ஓரிரு மில்லிமீட்டர்தான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் பிளேட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். வண்டி முன்னால் நகர்வதும் நியூட்ரல் விழாததும் அதனால்தான். லிவர் இறுக்கமும் இழுப்பும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் விழ வேண்டும்.

தேய்ந்த பிளேட் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். பிளேட் தேய்ந்தால் பிடிப்பு குறையும். மேட்டில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் இரையும், வேகம் கூடாது. லிவர் கனக்காது. அதாவது பிளேட் தேய்ந்தால் வழுக்கும், முதல் கடைக்குப் போகும்வரை என் வண்டி வழுக்கவே இல்லை, ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் கொண்டு போன பழைய பிளேட்டுகளை அவர் வெர்னியரில் அளந்தார். 2.9 மில்லிமீட்டர். என் வண்டிக்குப் புதிதில் 3.0. தேய்மானம் என்று சொல்லவே முடியாத அளவு. ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தார், வளைவில்லை.

ஆனால் முதல் கடையில் போட்ட புதுப் பிளேட்டுகள் அந்த ஒரே ஏற்றத்தில் பளபளத்துப் போயிருந்தன. காரணம் அந்தக் கடைக்காரர் எடுத்துவிட்ட பிளே. லிவர் முனையில் கொஞ்சம் தளர்வு இருந்தாக வேண்டும், பல பைக்குகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதன் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தளர்வு துளிகூட இல்லாவிட்டால் லிவரை யாரும் தொடாமலே கிளட்ச் கொஞ்சம் விடுபட்ட நிலையில்தான் ஓடுகிறது. சமதளத்தில் தெரியாது, மலையில் கருகும். கேபிளின் கோளாறை மறைக்க பிளேயை எடுப்பது, நோயைக் கிளட்சுக்குள் தள்ளுவது.

ஸ்பிரிங்கும் மாற்றுக் கம்பெனிச் சாமான், பழையதைவிடக் கெட்டி. அதனால்தான் லிவர் முன்பைவிட இறுகியது. கெட்டி ஸ்பிரிங், துருப்பிடித்த கேபிள் இரண்டும் சேர்ந்தால் உறை இன்னும் நசுங்கும், இழுப்பு இன்னும் கூடும்.

அடுத்தது ஆயில். இதைப் பற்றி நம் ஊரில் தவறான நம்பிக்கை நிறைய இருக்கிறது. என் வண்டிக்குக் கம்பெனி சொன்னது 10டபிள்யூ-30. முதல் கடையில் ஊற்றியது 20டபிள்யூ-50. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே மே மாத விடியலும் குளிர்தான், டிசம்பர், ஜனவரியைக் கேட்கவே வேண்டாம். நம் பைக்குகளின் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட, குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். பிளேட்டுகளுக்கு இடையே அந்தக் கெட்டி ஆயில் நின்றால், கேபிள் சரியாக இருந்தாலும் காலையில் முதல் கியரில் வண்டி துள்ளும். சூடேறியதும் போய்விடும். ஆக, எப்போது இழுக்கிறது என்பதைக் கவனியுங்கள். காலையில் மட்டும் இழுத்து, சூடானதும் சரியானால் ஆயில். நாள் முழுக்க ஒரே மாதிரி, மழையில் அதிகம், லிவரும் கனம் என்றால் கேபிள். குளிரில் நன்றாக இருந்து, டிராஃபிக்கில் சூடேற ஏற மோசமானால் ஸ்டீல் பிளேட் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, அப்போது கவரைத் திறப்பது நியாயம்.

ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா பாருங்கள். அது இப்படி நனைந்த கிளட்சுக்கான தரம். எம்.பி. என்றிருந்தால் ஸ்கூட்டர்களுக்கானது, உராய்வு குறைவு, கியர் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றுவதும் அதே ஆபத்து.

குன்னூர் மெக்கானிக் என் பழைய பிளேட்டுகளையே புது ஆயிலில் ஊறவைத்து, பழைய ஸ்பிரிங்கோடு திரும்பப் போட்டார். உலர்ந்த பிளேட்டை அப்படியே போட்டால் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்றார், முதல் கடையில் ஊறவைத்ததாகத் தெரியவில்லை. புது கேபிளைப் பழையது போன அதே வழியில் கொண்டு போனார். ஹெட்லைட் பக்கம் யாரோ டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததை வெட்டிவிட்டார், பழைய கேபிள் அந்த இடத்தில்தான் துருவேறியிருந்தது. பிறகு லிவர் பக்கத்து அட்ஜஸ்டரைக் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே விட்டு, பெரிய அளவைக் கீழே இன்ஜின் பக்கம் சரிசெய்து, கடைசி நுணுக்கத்தை மட்டும் மேலே பார்த்தார். ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி, பிளே மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே சாவியைக் கொடுத்தார். கேபிள் 210, சரியான ஆயில் 410, கேஸ்கெட் 110, கூலி 500, மொத்தம் 1,230. முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் கேபிளுக்கும் கொஞ்சம் கூலிக்கும் முடிந்திருக்கும்.

நியூட்ரல் இப்போது நின்ற இடத்தில் ஒரு விரலால் பிடித்தாலே விழுகிறது. முதல் கடைக்குப் பழைய கேபிளையும் வெர்னியர் அளவையும் கொண்டு போய்க் காட்டினேன். ஆயிலுக்கான 420 ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார், பிளேட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் பேச்சே இல்லை.

சமீபத்தில் யாராவது உங்கள் வண்டியில் இழுப்பைச் சரிசெய்ய அட்ஜஸ்டரைத் திருகியிருந்தால், அடுத்த மலை ஏற்றத்துக்கு முன் லிவர் முனையை விரலால் ஆட்டிப் பாருங்கள். தளர்வே இல்லை என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, புத்தகம் சொல்லும் அளவு பிளேயைத் திரும்பக் கொடுங்கள். கொடுத்ததும் இழுப்பு மறுபடி வந்தால், கேபிள் முனையை ஆர்மிலிருந்து கழற்றி லிவரைப் பிடித்துப் பார்க்காமல் எந்தப் பட்டறையிலும் கவரைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள்.