தயார் துணியா, அளந்த துணியா?

பெங்களூரு சிக்பேட்டையில் ஜார்ஜெட் வாங்கி கிராஸ் கட் பாவாடை தைக்கப் போகிறீர்களா? தைக்கும் முன் உடையைத் திரையில் பார்க்க உதவும் முப்பரிமாண மென்பொருளில் தயாராக இருக்கும் ஜார்ஜெட்டை எடுக்காதீர்கள், உங்கள் துணியையே அளந்து அந்த அளவுகளைப் போடுங்கள்.

தயார் துணி ஒரே சொடுக்கில் வந்துவிடும், முதல் வடிவம் பார்க்கப் போதும். ஆனால் அது வேறு துணியில் அளந்தது, திரையில் குழைந்து விழுவது தைத்ததும் விறைத்து நிற்கலாம்.

அளப்பதென்றால், 10 செ.மீ. சதுரம் வெட்டி எடை போடுங்கள், அந்தக் கிராமை 100 ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் எடை. அப்புறம் தடிமன், வளைவு, நீளம் அகலம் மூலைவிட்டம் மூன்றிலும் இழுவை. கிராஸ் கட்டுக்கு மூலைவிட்டம்தான் முக்கியம்.

சரி, அளந்தாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: தொங்கும் துணி ஒரே இரவில் தன் எடையாலேயே இறங்குவதைத் திரை காட்டாது. கீழ் விளிம்பை மட்டும், தைத்த பாவாடையை ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே வெட்டுங்கள்.