78 வயது, கிரியேட்டினின் 1.2: சிறுநீர்த் தொற்றுக்கு எந்த மருந்து, எவ்வளவு?

மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பாட்டிக்குக் கிட்னி கொஞ்சம் வீக், மாத்திரையைப் பாதியாகக் கொடுக்கலாமா?" பாதியாக்குவதா இல்லையா என்பதற்கு முன்னால், எந்த மாத்திரை என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் காட்ட ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம்.

78 வயதுப் பெண்மணி. எடை 48 கிலோ, உயரம் 150 செ.மீ. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு. சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போகவேண்டிய அவஸ்தை. காய்ச்சல் இல்லை, விலாவில் வலி இல்லை. கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்திருக்கிறது, கீழே பேசப்போகும் எல்லா மருந்துக்கும் அது கட்டுப்படும். கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.9. (எரிச்சல் எதுவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்திருந்தால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டியதில்லை. வயதான பெண்களிடம் அப்படி வருவது சகஜம்.)

முதலில் சிறுநீரகத்தின் திறனை எந்த எண்ணால் அளப்பது? லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் ஈஜிஎஃப்ஆர், 2021 சூத்திரப்படி இவருக்கு 46. பழைய காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் 1976-இல் வந்தது: (140 − வயது) × எடை ÷ (72 × கிரியேட்டினின்), பெண்ணாக இருந்தால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் 62 × 48 = 2,976; அதை 86.4-ஆல் வகுத்து 0.85-ஆல் பெருக்கினால் 29. ஒரே ரத்தம், ஒரே நாள், ஆனால் 46-ம் 29-ம்.

இதில் ஒரு பாதி, லேப் எண்ணின் உடல் அளவு சார்ந்த குறை. அது 1.73 சதுர மீட்டர் உடல் பரப்பு உள்ளவருக்கு என்று கணக்கிடப்பட்டது. இவருடைய பரப்பு சுமார் 1.41. அதற்கேற்பத் திருத்தினால் 46 என்பது 38 ஆகிவிடும். மீதி வித்தியாசம் சூத்திரங்களுக்கு இடையிலானது. இன்னொரு விஷயம், கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதியவருக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும், அதனால் 1.2 என்பது பார்வைக்கு நல்லதாகத் தெரியும், சிறுநீரகம் அவ்வளவு நன்றாக இருக்காது. பழைய மருந்துகளின் டோஸ் அட்டவணைகள் பெரும்பாலும் காக்ராஃப்ட்-கால்ட்டை வைத்தே எழுதப்பட்டவை. மெலிந்த முதியவர் விஷயத்தில் நான் இரண்டையும் போட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒரே டோஸைச் சொன்னால் கவலையில்லை. வேறுவேறாகச் சொன்னால், அந்த எண்ணை நம்பித் தீர வேண்டாத மருந்தைத் தேடுவேன்.

நைட்ரோஃபுரான்டாயினுக்கு இந்த எண்தான் எல்லாமே. அது ரத்தத்தில் வேலை செய்வதில்லை. சிறுநீரில் சேர்ந்தால்தான் கிருமியைக் கொல்லும். சிறுநீரகம் மந்தமானால் சிறுநீரில் மருந்து குறைந்து, ரத்தத்தில் கூடுகிறது. பலனும் குறையும், கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பும் வரலாம். ஆகவே டோஸைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசம்தான்: கிருமிக்குப் போதாது, அவ்வளவே. இதைக் கொடுக்கலாம் அல்லது கூடாது. பாதி என்ற பேச்சுக்கு இடமில்லை. பிரிட்டனில் 45-க்குக் கீழே தவிர்க்கச் சொல்கிறார்கள், 30 முதல் 44 வரை வேறு வழியில்லாதபோது மட்டும் குறுகிய காலத்துக்கு. அமெரிக்க முதியோர் மருத்துவர்களின் பியர்ஸ் பட்டியல் 30-ஐக் கோடாக வைத்திருக்கிறது. நம் பெண்மணி 46, 38, 29 என்று கோட்டின் இரு பக்கமும் நிற்கிறார்.

கோ-ட்ரைமாக்ஸசோலுக்கு டோஸ் குறைக்கும் கணக்கு தெளிவாக இருக்கிறது: 30-க்கு மேல் முழு அளவு, 15 முதல் 30 வரை பாதி, அதற்குக் கீழே வேண்டாம். ஆனால் இவருக்கு ஆபத்து டோஸில் இல்லை. இதிலுள்ள ட்ரைமெத்தோபிரிம் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். ஏற்கெனவே 4.9. கனடாவின் ஒன்டாரியோவில் முதியவர்களிடம் நடந்த ஆய்வில், இந்த வகை அழுத்த மருந்தோடு கோ-ட்ரைமாக்ஸசோல் எடுத்தவர்களிடம் திடீர் மரணம், அமாக்ஸிசிலின் எடுத்தவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையும் இறங்கலாம். இதோடு ஒரு குழப்பமும் உண்டு: சிறுநீரகம் கெடாமலேயே இம்மருந்து கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும். வேறு வழியே இல்லை என்றால், நான்காம் ஐந்தாம் நாளில் பொட்டாசியம் பார்க்காமல் விடக்கூடாது.

சிப்ரோஃப்ளாக்ஸாசினைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 30-க்குக் கீழே 250 முதல் 500 மி.கி., 18 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை சொல்கிறது. வீட்டில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து 18 மணி நேரம் கணக்கிடுவது? தசைநாண் பாதிப்பு, மனக்குழப்பம், கிளிமிபிரைடோடு சர்க்கரை இறங்குவது எல்லாம் இதற்கும் உண்டு. சாதாரண எரிச்சலுக்கு இது வேண்டாம்.

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, ஒரே பாக்கெட், ஒரே தடவை. இரவு வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்துவிட்டுத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். திறன் 29 என்றாலும் 46 என்றாலும் டோஸ் மாற்றுவதில்லை. 10-க்குக் கீழே போனவர்களுக்குத்தான் தவிர்ப்பார்கள். சிறுநீரகம் மந்தமானால் சிறுநீருக்கு வரும் பங்கு குறையும் என்பது உண்மை. இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. 2018-இல் வெளியான ஒரு சோதனையில் ஐந்து நாள் நைட்ரோஃபுரான்டாயின் எடுத்த பெண்களில் 70 சதவீதத்தினருக்கு 28 நாளுக்குள் குணமானது. ஒரு தடவை ஃபாஸ்ஃபோமைசினில் 58 சதவீதம். பலத்தில் இது இரண்டாவதுதான். ஆனாலும் டெல்மிசார்டனோடு மோதாது, எண் பிசகினாலும் பெரிய தீங்கு இல்லை. இந்தப் பெண்மணிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, குளிர்காய்ச்சலும் விலா வலியும் வந்து சிறுநீரகத்துக்கே தொற்று ஏறிவிட்டால்? இந்தப் பொடி போதாது, மருத்துவமனை ஊசிதான். செஃப்ட்ரியாக்ஸோன் பித்தம் வழியாகவும் வெளியேறுவதால் சிறுநீரகத்துக்காக டோஸ் குறைக்கத் தேவையில்லை. அமிகாசின் நேர் எதிர்: அதற்கு உச்ச அளவு முக்கியம், ஆகவே கிலோவுக்கு 15 மி.கி. என்ற டோஸைக் குறைப்பதில்லை (இவருக்கு 720 மி.கி.), இடைவெளியைத்தான் நீட்டுவார்கள். இவரைப் போன்றவருக்கு அடுத்த ஊசி 48 மணி நேரம் கழித்துக்கூட வரலாம், அதுவும் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து. காதில் இரைச்சல், சிறுநீர் குறைவது இரண்டும் உடனே சொல்லவேண்டிய அறிகுறிகள். எந்த ஊசியானாலும் முதல் டோஸைக் குறைக்கக்கூடாது. உடம்பு முழுக்க மருந்து நிரம்புவதற்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமில்லை. குறைப்பு, நீட்டிப்பு எல்லாம் இரண்டாவது டோஸிலிருந்துதான். அதற்குள் கிரியேட்டினினை மறுபடி பார்க்க வேண்டும். தொற்றால் திடீரென்று ஏறிய கிரியேட்டினின் நீர்ச்சத்து ஏறியதும் பல சமயம் இரண்டே நாளில் இறங்கிவிடும். முதல் நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு டோஸைக் குறைத்தே வைத்திருந்தால், சிறுநீரகம் தேறிய பிறகு மருந்து போதாமல்தான் போகும்.