கூட்டி எட்ட முடியாத முதல் எண்: டிபியா, கிரீடியா?

நேர்ம முழு எண்கள் கொண்ட ஒரு அரே. ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவைதான் எடுக்கலாம், அப்படி எடுத்துக் கூட்டினால் எட்டவே முடியாத மிகச்சிறிய நேர்ம எண் எது? இதை நான் முதலில் சப்செட் சம் டிபியாகத்தான் எழுதினேன், கை பழகிய வழி அது. இப்போது கிரீடிக்கு மாறிவிட்டேன்.

டிபி என்ன செய்யும் என்று தெரிந்ததுதான்: எட்ட முடிகிற ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் ஒரு பிட். சிக்கல் அந்தப் பிட்டுகளின் எண்ணிக்கையில். 2 லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 100 கோடி வரை என்றால் மொத்தக் கூட்டுத்தொகை 200 லட்சம் கோடியைத் தொடலாம். பிட்செட்டே ஏறத்தாழ 25 டெராபைட் கேட்கும். அதோடு கதை முடிந்தது.

கிரீடிக்கு ஒரே ஒரு மாறி போதும்:

```python
a.sort()
reach = 1
for x in a:
    if x > reach:
        break
    reach += x
print(reach)
```

`reach`-க்குக் கீழே உள்ள எல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டன, இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டால் மீதி தானாக வரும். 1, 2, 2, 7 என்று வைத்துக்கொள்வோம். `reach` 1, 2, 4, 6 என்று ஏறுகிறது, அதாவது 1 முதல் 5 வரை கையில் இருக்கிறது. அடுத்தது 7. அது 6-ஐ விடப் பெரியது, அதற்குப் பின்னால் வருபவையும் 7-க்குக் குறையாது, முன்னால் எடுத்த மூன்றையும் கூட்டினாலே 5தான். ஆக 6-க்கு வழியே இல்லை. 7-க்குப் பதில் 6 இருந்திருந்தால்? 0 முதல் 5 வரை உள்ளவற்றோடு 6-ஐச் சேர்த்தால் 6 முதல் 11 வரை கிடைக்கும், இடைவெளி விழாது, `reach` 12 ஆகும்.

சார்ட் செய்ய மறந்தால் இது ஓசைப்படாமல் தப்பான விடை தரும்: 2, 1 என்று கொடுத்தால் முதல் அடியிலேயே நின்று 1 என்கும், சரியான விடை 4. இன்னொரு பொறி ஜாவாவின் `int`. 1, 2, 4 என்று இரட்டித்து 536870912 வரை போய், பிறகு இரண்டு தடவை 100 கோடி வந்தால் `reach` -1221225472 ஆகிவிடும். மைனஸில் விடை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், `long` போடுங்கள். (பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.)

டிபியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1, 2, 2, 7-இல் 6-க்கு அப்புறம் எந்தெந்த எண்கள் கிடைக்கும் என்று கேட்டால் கிரீடி வாயைத் திறக்காது, டிபி 7 முதல் 12 வரை எல்லாவற்றையும் காட்டும். குறை எண்கள் கலந்திருந்தாலும் கிரீடியின் வாதம் உடைந்துவிடும், அங்கே டிபிதான். ஆனால் அந்த மாதிரிக் கேள்வி எனக்கு அதிகம் வந்ததில்லை என்பதால், அங்கே டிபி எவ்வளவு தூரம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.