போட்டோ, வீடியோ கால், உள்ளூர் ஆளு: தூரத்துல நிக்கிற பழைய காரை பாக்க எது எதுக்கு உதவும்

வேற ஊர்ல ஒரு கார் நல்ல விலைக்கு வருது, நேர்ல போக முடியாது, விக்கிறவர் "அட்வான்ஸ் போட்டு விடுங்க, நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க"ன்னு அவசரப்படுத்துறாரு. இந்த நிலைமையில கையில இருக்கறது மூணு வழிதான், போட்டோ, வீடியோ கால், அங்க இருக்கற நம்பிக்கையான ஆளு. எது பெஸ்ட்னு கேக்கறாங்க, ஆனா மூணும் ஒரே வேலையை செய்யறதில்ல. ஒண்ணு கோட்டை விடறதை இன்னொண்ணு புடிக்கும். விபத்துல அடிபட்டு சரிபண்ண வண்டியை கண்டுபிடிக்கறதை மட்டும் வெச்சு பாப்போம், ஏன்னா மறைக்கறதுக்கு ரொம்ப மெனக்கெடுறது அதைத்தான்.

முதல்ல போட்டோ. இதுக்கு செலவே இல்ல, அதனால வேணாம்ங்கற வண்டியை கழிச்சுக்கட்ட இதுதான் வசதி. ஆனா விக்கிறவர் அனுப்புற பளபள போட்டோவால ஒண்ணும் ஆகாது, நீங்க கேட்டு வாங்கறதுதான் வேணும். பானட்டை திறந்து, முன் சக்கரத்துக்கு மேல இருக்கற ஃபெண்டரை புடிச்சிருக்கற போல்ட்டை கிட்ட போய் எடுக்க சொல்லுங்க. ஃபேக்டரியில பல வண்டியில போல்ட்டை மாட்டின பிறகுதான் பெயின்ட் அடிப்பாங்க, அதனால போல்ட் தலையில பெயின்ட் பிஞ்சு ஸ்பேனர் தடம் தெரிஞ்சா அந்த பார்ட்டை யாரோ கழட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அடுத்தது எல்லா கண்ணாடியோட மூலையிலயும் இருக்கற சின்ன முத்திரை. எல்லாத்துலயும் ஒரே கம்பெனி பேரு, கிட்டத்தட்ட ஒரே வருஷக் குறி இருக்கணும், ஒண்ணு மட்டும் வேறயா இருந்தா ஏன் மாத்தினாங்கன்னு கேக்கணும். கல்லு பட்டும் உடைஞ்சிருக்கலாம், உடனே சந்தேகப்பட வேணாம், ஆனா அதே பக்கத்து போல்ட்டும் கழண்டிருந்தா அது கல்லு இல்ல. இந்த போட்டோவை வாட்ஸப்ல போட்டோவா வாங்காம டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க, போட்டோவா அனுப்பினா சுருங்கி விவரம் மங்கிடும், எப்ப எடுத்ததுங்கற தகவலும் போயிடும்.

போட்டோவோட பெரிய ஓட்டை, எதை காட்டணும் எதை விடணும்ங்கறது விக்கிறவர் கையில. போன வருஷம் எடுத்த படத்தைக்கூட அனுப்பலாம்.

வீடியோ கால்ல அந்த ஓட்டை அடைபடுது, ஏன்னா கேமராவை நீங்க நடத்தலாம், "இப்ப வலது பக்கம், கதவு திறங்க, ரப்பரை இழுத்து உள்ள இருக்கற வெல்டிங் புள்ளியை காட்டுங்க"ன்னு. ஃபேக்டரி வெல்டிங்னா ஒரே சீரான இடைவெளியில குட்டி குட்டி வட்டமா இருக்கும், கையால சரிபண்ணதுல அந்த ஒழுங்கு இருக்காது. கால்ல நான் முக்கியமா நினைக்கறது ரெண்டு. ஒண்ணு, சாவியை திருப்பினதும் இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம டேஷ்போர்டை காட்டறது. ஏர்பேக் லைட் எரிஞ்சு சில வினாடியில அணையணும். எரிஞ்சபடியே இருந்தா கோளாறு, எரியவே இல்லன்னா அதைவிட மோசம், வெடிச்ச ஏர்பேக்கை மாத்தாம லைட்டை மட்டும் செத்துப்போக வெச்சிருக்க வாய்ப்பு இருக்கு. ரெண்டாவது, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்றது. காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கால் போடுங்க, சாவியை திருப்பி வெப்பமானி முள்ளு கீழ கிடக்கறதை காட்டட்டும், அப்புறம் ஸ்டார்ட். நீலப்புகை வந்தா ஆயில் எரியுது, வெள்ளைப்புகை சூடான பிறகும் நிக்காம வந்தா கூலன்ட் உள்ள போகுதோன்னு பாக்கணும். இதுல வீடியோ உள்ளூர் ஆளை ஜெயிச்சிடும், ஏன்னா ஆளு போய் சேரும்போது விக்கிறவர் வண்டியை ஏற்கனவே ஓட்டி சூடாக்கியிருக்கலாம்.

ஆனா சத்தத்துக்கு வீடியோ காலை நம்பாதீங்க. கால் பண்ற ஆப்கள் மனுஷ குரலைத்தான் தெளிவா கொண்டுவர பாக்கும், தொடர்ந்து வர்ற சத்தத்தை பின்னணி இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும், நமக்கு வேண்டியதோ இன்ஜினோட அந்த கடகட சத்தம். அதனால ஸ்டார்ட் பண்றதை தனியா ஃபோன் கேமராவுல ரெக்கார்ட் பண்ணி அந்த ஃபைலையும் வாங்கிக்கோங்க.

உள்ளூர் ஆளு காசு செலவு, ஆனா பெயின்ட் அடுக்கை அளக்கறது, வண்டியை ஓட்டிப்பாக்கறது, தூக்கி அடியில பாக்கறது எல்லாம் அவரால மட்டும்தான் முடியும். யார் நம்பிக்கையான ஆளுன்னா விக்கிறவர் காட்டுற மெக்கானிக் இல்ல, வித்துக்குடுத்தா கமிஷன் வாங்கற புரோக்கரும் இல்ல. வண்டி வாங்கினாலும் வாங்காட்டியும் அதே கூலின்னு ஒத்துக்கறவர்தான் ஆளு. அவர்கிட்ட "வண்டி ஓகேயா"ன்னு கேட்டா "ஓகே சார்"னு வரும், அதனால ஒவ்வொரு பார்ட்டோட பெயின்ட் அளவும் படத்தோட வேணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஒரு நண்பரோட கேஸ் சொல்றேன். ஒம்பது வருஷ பழைய வெள்ளை செடான், போட்டோவுல சந்தேகப்பட ஒண்ணே ஒண்ணு, வலது முன் ஃபெண்டர் போல்ட்ல பெயின்ட் பிஞ்சிருந்துச்சு. கேட்டா "ஹெட்லைட் மாத்தினேன்"னாரு, நம்பலாம்ங்கற பதில்தான். வீடியோ கால்ல எல்லாம் சரி, வலது பக்கம் மட்டும் வேகமா நகர்த்தினாரு, வெயில் அடிக்குதாம். உள்ளூர் ஆளு பெயின்ட் அளக்கற கருவியோட போனாரு. சாதாரணமா ஃபேக்டரி பெயின்ட் 80ல இருந்து 160 மைக்ரான் சுமாரா இருக்கும், மத்த இடமெல்லாம் 110, 120ன்னு வந்துச்சு, வலது முன் கதவுல 290, ஃபெண்டர்ல 600க்கு மேல. 290ன்னா மறுபடி பெயின்ட் அடிச்சிருக்கு, கீறலுக்கும் அடிப்பாங்க. 600ன்னா உள்ள பட்டி பாத்திருக்கு, அதாவது தகடு நசுங்கி டிங்கரிங் பண்ணியிருக்கு. (இந்த கருவி பிளாஸ்டிக் பம்பர்ல வேலை செய்யாது, அலுமினிய பானட்டுக்கு அதுக்குன்னு வசதி உள்ள கருவி வேணும், இது தெரியாம அளந்துட்டு வர்ற ஆளும் இருக்காங்க.)

இங்கயும் அவசரப்பட வேணாம், ஃபெண்டர் போல்ட்ல மாட்டற பார்ட்தான், அது மட்டும் அடிபட்டிருந்தா விலையை குறைச்சு வாங்கலாம். ஆளு வண்டியை தூக்கிப்பாத்ததுல வலது பக்க முன் சேசிஸ் தண்டுல சுருக்கமும் புது அண்டர்கோட்டிங்கும் இருந்துச்சு, இடது பக்கம் பழைய தூசியோட கிடக்கு, அதாவது அடி ஃபெண்டரோட நிக்கல. அதோட வண்டியோட கம்ப்யூட்டர்ல ஸ்கேனரை மாட்டினா ஒரு எர்ரர் கோடும் இல்ல, ஆனா வண்டி தானே பண்ணிக்கற சோதனைகள் பாதி முடியலன்னு காட்டுது. அப்படின்னா கொஞ்சம் முன்னாடிதான் எர்ரர் கோடை அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரி கழட்டியிருக்காங்க. விக்கிறவர் பேட்டரி மாத்தினேன்னு சொன்னாரு, அப்ப ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணலாமான்னு நண்பர் கேட்டதும் "வேற ஆளு வர்றாங்க"ன்னுட்டாரு. நண்பர் விட்டுட்டாரு, போனது உள்ளூர் ஆளுக்கு குடுத்த கூலி மட்டும்தான்.

ஒண்ணே ஒண்ணுதான் முடியும்னா நான் கண்ணை மூடிட்டு உள்ளூர் ஆளைத்தான் சொல்வேன், கருவியும் ஸ்கேனரும் வெச்சிருந்தா. கருவி இல்லாத ஆளைவிட நல்லா நடத்தின வீடியோ கால் மேல். போட்டோ மட்டும் பாத்துட்டு ஒரு ரூபாகூட அனுப்பாதீங்க.

பணம் போற வரிசையும் இதோட ஒட்டினதுதான். ஆளு சேசிஸ் நம்பரை வண்டியில அடிச்சிருக்கற இடத்துலயே பாத்து ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப்பாத்த பிறகுதான் டோக்கன், அதுவும் ஆர்சியில பேரு இருக்கறவரோட பேங்க் அக்கவுன்ட்டுக்கு. "என் மச்சான் நம்பருக்கு போடுங்க"ன்னா நிறுத்திடுங்க. பரிசோதனைக்கு போன ஆளு கையிலயும் வண்டிப்பணம் குடுக்காதீங்க, அவரு எவ்ளோ நல்லவரா இருந்தாலும், கூலி தனி, வண்டிப்பணம் தனி.